தகரத்தை எங்கே மடிப்பது?

மும்பையின் வடகிழக்கு விளிம்பில் உள்ள முலுண்டுக்கு மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகளும், கிழக்கே தாணாக் கழியை ஒட்டிய உப்பளங்களும் எல்லையாக அமைந்துள்ளன. ஊரின் நடுவே செல்லும் லால் பகதூர் சாஸ்திரி சாலையில் ஒரு காலத்தில் ஆலைகள் வரிசையாக நின்றன. அவற்றுட் பல இன்று அடுக்குமாடி வீடுகளாகவும் அங்காடிகளாகவும் மாறிவிட்டன. எனினும், தகடு வேய்ந்த பட்டறைகளும் கிடங்குகளும் இப்பகுதியில் முற்றும் மறைந்துவிடவில்லை. சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழை அத்தகைய கூரையின்மீது விழுந்து இறவாரத்துக்கு ஓடி வரும்போது, அதனைத் தாங்கி வெளியேற்றுவது விளிம்பில் பொருத்தப்பட்ட தகர வாய்க்கால் ஒன்றேயாகும். அது வழிந்தால் நீர் சுவரில் இறங்கும். கிடங்கில் அடுக்கிய சரக்கு நனையும்.

இவ்வாய்க்காலைச் செய்யும் முறை எளியது. நாகம் பூசிய இரும்புத் தகட்டிலிருந்து ஒரு நீண்ட பட்டை வெட்டப்படுகிறது. அதன் இரு ஓரங்களும் மேல்நோக்கி மடிக்கப்படுகின்றன. பட்டையின் அகலம் இவ்வளவு என்று ஏற்பட்டுவிட்ட பிறகு செய்பவர் முடிவு செய்ய வேண்டியவை இரண்டே: ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் மடிப்பது, எவ்வளவு சாய்வாக மடிப்பது. இவ்விரண்டையும் எப்படி அமைத்தால் மிக அதிக நீர் ஓடும் என்பது நுண்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பழக்கமான கணக்கு. அக்கணக்கு வகுப்பறையில் ஒரு படி முன்னதாகவே நிறுத்தப்பட்டுவிடுகிறது. களத்திலோ அதன் விடை சில வேளைகளில் தேவைக்கு மிஞ்சிய மரியாதையைப் பெறுகிறது. இவ்விரு குறைகளும் நீங்க வேண்டியவை.

தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலில், வகைக்கெழுவின் பயன்களைக் கூறும் இயலில் இடம்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு இது: ஒரு சரிவகத்தின் அடிப்பக்கம் நீங்கலாக ஏனைய மூன்று பக்கங்களும் 10 செ.மீ. நீளமுள்ளவை, அதன் பரப்பு மிகப் பெரியதாகும்போது அப்பரப்பு யாது? விடை 75√3 சதுர செ.மீ., அதாவது ஏறத்தாழ 130 சதுர செ.மீ. இச்சரிவகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், 30 செ.மீ. அகலமுள்ள தகட்டை மூன்று சம பாகமாக மடித்த வாய்க்காலின் குறுக்குவெட்டே அது என்பது விளங்கும். நீளம் குறிப்பிடப்படாத அந்த நான்காம் பக்கம் திறந்திருக்கும் மேல்வாய். நூலின் கணக்கில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும், மூன்று பக்கங்களும் சமம் என்பதை வினாவே கொடுத்துவிடுகிறது. தகர வேலைக்காரருக்கு அவ்வாறு யாரும் கொடுப்பதில்லை. ஏன் சமமாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய வினாவின் பாதி.

ஆகவே வினாவை முழுமையாக அமைத்துக்கொள்ளலாம். தகட்டின் அகலம் w என்றும், ஒவ்வோர் ஓரத்திலும் மடிக்கப்படும் பகுதி x என்றும், படுக்கையான நிலையிலிருந்து அது மேலெழும் கோணம் θ என்றும் கொள்க. அடித்தளத்தின் அகலம் w − 2x. ஆழம் x sin θ. மேல்வாயின் அகலம் w − 2x + 2x cos θ. அடியும் மேல்வாயும் சேர்ந்த சராசரி அகலத்தை ஆழத்தால் பெருக்கக் கிடைக்கும் பரப்பு:

A = x sin θ (w − 2x + x cos θ)

இதில் மாறும் அளவுகள் இரண்டாதலால் ஒன்றை நிலையாக வைத்து மற்றொன்றை மாற்றி, இருமுறை வகைக்கெழு காண வேண்டும். θ-வை நிலைநிறுத்தி x-ஐ மாற்றினால், வகைக்கெழு பூச்சியமாகும் இடத்தில்

w − 4x + 2x cos θ = 0

என்பது கிடைக்கிறது. x-ஐ நிலைநிறுத்தி θ-வை மாற்றினால்

(w − 2x) cos θ + x cos 2θ = 0

என்பது கிடைக்கிறது. முதற் சமன்பாட்டின்படி w − 2x என்பது 2x − 2x cos θ ஆகும். இதனை இரண்டாவதில் இட்டு, cos 2θ-வை 2 cos²θ − 1 என்று விரித்தால், வர்க்க உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, 2 cos θ − 1 = 0 என்பது மட்டும் எஞ்சுகிறது. எனவே cos θ = 1/2; கோணம் 60 பாகை. அதனை முதற் சமன்பாட்டில் இட்டால் w = 3x. மூன்று பக்கங்களும் சமம் என்பது இவ்வாறு விடையாகவே வெளிவருகிறது. மாணவர் தாமே கண்டெடுக்க வேண்டிய பொருளை வினாத்தாளிலேயே கொடுத்துவிடுவதில் பயன் குறைவு. இரு மாறிகள் பாடத்திட்டத்துக்கு வெளியே இருப்பினும், ஒரு மாறியை நிலைநிறுத்தி மற்றொன்றை மாற்றும் இம்முறை அவ்வகுப்பு மாணவர்க்கு எட்டாததன்று.

விடையைச் சரிபார்க்க அழகான வழியொன்று உண்டு. வாய்க்காலின் மேல்வாயில் ஒரு கண்ணாடியை வைத்தாற்போலக் குறுக்குவெட்டையும் அதன் பிம்பத்தையும் சேர்த்துப் பார்த்தால், 2w சுற்றளவுள்ள அறுகோணம் ஒன்று தோன்றும். ஒரே சுற்றளவுள்ள அறுகோணங்களுள் மிக அதிகப் பரப்பைத் தன்னுள் அடக்குவது ஒழுங்கு அறுகோணமேயாகும். அதன் பாதிதான் நம் வாய்க்கால்.

30 செ.மீ. தகட்டில் பல வடிவங்களையும் ஒப்பிடலாம். ஓரங்களைச் செங்குத்தாக மடித்த பெட்டி வடிவத்தில் மிகச் சிறந்தது 15 செ.மீ. அகலமும் 7.5 செ.மீ. ஆழமும் உள்ளது, அதன் பரப்பு 112.5 சதுர செ.மீ. நடுவே ஒரே மடிப்பாகச் செங்கோணத்தில் மடித்த வடிவத்தின் பரப்பும் வியப்பாக அதே 112.5 தான். மூன்று சம பாகமாக 60 பாகையில் மடித்தால் 130. உருளையிட்டு அரைவட்டமாக வளைத்தால் 143. அரைவட்டமே எல்லாவற்றிலும் மேலானதாயினும் அதற்கு உருளைப் பொறி வேண்டும். நேர் மடிப்புக்கு மடிப்புப் பொறியோ, ஒரு கோண இரும்பும் மரச் சுத்தியலுமோ போதும்.

இனி, வகுப்பறையில் விடுபட்டுப்போகும் அந்தப் படிக்கு வருவோம். கணக்கு கண்டது பரப்பின் பெருமத்தை; கேட்கப்பட்டதோ ஓடும் நீரின் பெருமத்தை. இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. நொடிக்கு ஓடும் நீரின் அளவு என்பது பரப்பையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வேகமோ, நீர் எவ்வளவு உலோகத்தைத் தொட்டு உராய்ந்து செல்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே பரப்புள்ள இரு வாய்க்கால்களுள் அகன்று ஆழமற்றதாக இருப்பதில் உராய்வு மிகுதி. நீர் மெதுவாகவே செல்லும். அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்து இன்றளவும் வழங்கும் வாய்பாட்டின்படி, வேகம் என்பது R என்னும் அளவின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. R என்பது பரப்பை நனைச்சுற்றால் வகுத்த ஈவு. நனைச்சுற்று என்பது குறுக்குவெட்டில் நீர் தகட்டைத் தொடும் கோட்டின் முழு நீளம்.

இங்கேதான் தகர வாய்க்காலின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. விளிம்புவரை நிறைந்த வாய்க்காலில் நீர் தகடு முழுவதையும் தொடுகிறது. ஆகவே, எப்படி மடித்தாலும் நனைச்சுற்று w தான். அது மாறுவதே இல்லை. மாறுவது பரப்பு ஒன்றே. ஓட்டம் பரப்பின் 5/3 அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. எனவே பரப்பு எங்கே பெருமமோ அங்கே ஓட்டமும் பெருமம். பாடநூலின் முடிவு சரியே. ஆனால் அது சரியாவதற்குக் காரணம் இது. மண் வாய்க்காலுக்கோ சாலையோர வடிகாலுக்கோ இக்காரணத்தை ஆராயாமல் அதே முடிவைக் கொண்டுசென்றால் பிழை நேரும். இவ்வடுக்கினால் இன்னொரு பயனும் தெரிகிறது: பெட்டி வடிவத்தைவிட நம் வடிவத்துக்குப் பரப்பு 15 விழுக்காடே மிகுதி, ஓட்டமோ 27 விழுக்காடு மிகுதி.

முலுண்டில் ஒரு கிடங்கு இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 30 மீட்டர். முகட்டிலிருந்து இறவாரம்வரை கிடைமட்ட அளவில் 10 மீட்டர். ஒரு பக்கத்து வாய்க்கால் 300 சதுர மீட்டர் கூரையின் நீரை ஏற்க வேண்டும். எத்தகைய மழைக்கு? மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைந்தவை, 1993-இல் அளிக்கப்பட்ட பிரிம்ஸ்டோவாடு அறிக்கை அதனை 50 மி.மீ. ஆக உயர்த்தக் கூறியது. இவ்வெண்ணைக் கூரைக்கு அப்படியே எடுத்தாள்வது தவறு. 2005 சூலை 26-ஆம் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அம்மாபெரும் மழையையே 24-ஆல் வகுத்தால் மணிக்கு 39 மி.மீ. தான் வருகிறது. சராசரி எதையெல்லாம் மறைத்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. தெருவில் விழுந்த நீர் வடிகாலை அடையச் சற்று நேரமாகும். அதற்குள் ஒரு பகுதி மண்ணிலும் இறங்கும். தகடு வேய்ந்த கூரையிலோ விழுந்த நீர் முழுவதும் ஓரிரு நிமிடங்களில் இறவாரத்துக்கு வந்துவிடும். ஐந்து பத்து நிமிடம் அடித்துப் பெய்யும் வேகமே கூரைக்குக் கணக்கு. ஆதலின் மணிக்கு 100 மி.மீ. என்று கொள்வது மிகையாகாது. அவ்வேகத்தில் 300 சதுர மீட்டர் கூரை நொடிக்கு 8.3 லிட்டர் நீரைத் தரும்.

30 செ.மீ. தகட்டை இருநூறுக்கு ஒன்று என்னும் சரிவில் பொருத்தி, உராய்வு எண் 0.013 என்று கொண்டால், மானிங் வாய்பாட்டின்படி பெட்டி வடிவம் நொடிக்கு 6.9 லிட்டரும், 60 பாகை வடிவம் 8.7 லிட்டரும் கொண்டுசெல்லும். ஒரே தகடு, ஒரே செலவு. ஒன்று மணிக்கு 82 மி.மீ. மழையிலேயே வழிந்துவிடுகிறது, மற்றொன்று 100 மி.மீ. மழையைத் தாங்குகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர் கணக்கு வென்றது என்று இங்கேயே நிறுத்திவிடக்கூடும்.

ஆனால் நீர் வாய்க்காலோடு நின்றுவிடுவதில்லை. கடைக்கோடியில் உள்ள துளை வழியாக இறக்கு குழாய்க்குள் போக வேண்டும். நம் வாய்க்காலின் அடித்தளம் 10 செ.மீ. அகலமுடையது, அதில் இடக்கூடிய மிகப் பெரிய வட்டத்துளையும் 10 செ.மீ. தான். வாய்க்கால் விளிம்புவரை நிறைந்து, துளைக்கு மேல் 8.7 செ.மீ. நீர் நிற்கும்போதும் அத்துளை நொடிக்கு 6 லிட்டர் அளவே விடும். 7.5 செ.மீ. துளையானால் மூன்றரை லிட்டர் அளவுதான். 8.7 லிட்டர் கொண்டுவரும் வாய்க்காலின் முடிவில் 6 லிட்டர் வாயை வைத்தால், மிகச் சிறந்த மடிப்பும் பெட்டி வடிவத்தைவிடக் குறைவாகவே வெளியேற்றும். வழியும் வாய்க்காலைக் கண்டு மடிப்பைக் குறைகூறுமுன், நீர் எங்கே வழிகிறது என்று நோக்க வேண்டும். துளையருகே மட்டும் வழிந்து, மறுகோடியில் நீர் தாழ்ந்திருந்தால் குற்றம் துளையிலோ, அதனை அடைத்த இலையிலோ உள்ளது. நடுவில் ஓரிடத்தில் வழிந்தால் தாங்கி தளர்ந்து தகடு அங்கே தொய்ந்திருக்கும். நீளம் முழுவதும் வழிந்தால்தான் வாய்க்கால் போதவில்லை என்று கொள்ளலாம்.

இக்கிடங்குக்கு ஏற்ற தீர்வு, நடுவை மேடாக வைத்து இரு கோடியிலும் துளையிடுவதே. அப்போது ஒவ்வொரு பாதியும் நொடிக்கு 4.2 லிட்டர் மட்டும் ஏற்கும். துளையின் 6 லிட்டருக்குள் அது அடங்கிவிடும். மணிக்கு ஏறத்தாழ 145 மி.மீ. வேகத்தில் அடிக்கும் மழைவரை அது தாக்குப்பிடிக்கும். சரிவிலும் இதனால் நன்மை உண்டு. ஒரே துளையானால் 30 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் வேண்டும்; கடைக்கோடியில் வாய்க்கால் இறவாரத்துக்கு வெகுவாகக் கீழே தொங்க, கூரையிலிருந்து வேகமாக வரும் நீர் அதனைத் தாண்டி வெளியே விழும். இரு துளைகளானால் இறக்கம் 7.5 செ.மீ. தான்.

துளைக்கு அடுத்தபடி கவனிக்கத்தக்கது தகட்டின் அகலம். எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் பெருகும்போது பரப்பு அகலத்தின் வர்க்கமாகவும், வேகம் அகலத்தின் 2/3 அடுக்காகவும் வளர்வதால், ஓட்டம் அகலத்தின் 8/3 அடுக்காக வளர்கிறது. நான்கடித் தகட்டை நான்காக வெட்டாமல் மூன்றாக வெட்டினால், பட்டையின் அகலம் மூன்றில் ஒரு பங்கே கூடும். ஓட்டமோ இருமடங்குக்கும் சற்று மேலாகும். மடிப்பை மாற்றிப் பெறும் 27 விழுக்காட்டோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது தெளிவாகும். மடிப்பின் சிறப்பு, அது செலவின்றிக் கிடைப்பது என்பதே.

அம்மடிப்பையும் அணுவளவும் பிசகாமல் செய்ய வேண்டுமோ என்றால், வேண்டுவதில்லை. பெருமப் புள்ளியில் வகைக்கெழு பூச்சியம் என்பதன் நடைமுறைப் பொருளே, அப்புள்ளிக்கு அருகே சற்று விலகினாலும் இழப்பு மிகச் சிறிது என்பதாம். 60 பாகைக்குப் பதில் 55 அல்லது 65 பாகையில் மடித்தால் பரப்பில் குறைவது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. 50 அல்லது 70 ஆனால் மூன்று விழுக்காடு அளவு. 90 பாகைக்குப் போனால்தான் 23 விழுக்காடு குறைகிறது. மலையின் உச்சி கூர்மையானதன்று, மேடை போன்றது. ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு இவ்வட்டவணையைத் தயாரிக்கச் செய்தால், பூச்சியத்துக்குச் சமமாக்கும் பழக்கத்துக்கு அவர்கள் ஒரு பொருள் காண்பார்கள். களப்பணியாளர்க்கோ இது மேற்பார்வையில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோணத்தை அளக்கப் பாகைமானியும் தேவையில்லை. சரியாக மடித்த வாய்க்காலின் மேல்வாய் அடித்தளத்தைப் போல் இருமடங்கு அகலமுள்ளது. 10 செ.மீ. அடித்தளத்துக்கு மேல்வாய் 20 செ.மீ.; அது பதினெட்டரைக்கும் இருபத்தொன்றரைக்கும் இடையே இருந்தால் பிழை ஐந்து பாகைக்குள் அடங்கும். அளவு நாடா ஒன்றே போதும். இங்கு ஒரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். 60 பாகை என்பது தகடு படுக்கை நிலையிலிருந்து எழும் கோணம். வாய்க்காலின் உட்கோணம் 120 பாகை. வரைபடத்தில் வெறுமனே 60 என்று எழுதி, அது எந்தக் கோணம் என்று காட்டாமல் பட்டறைக்கு அனுப்பினால், பக்கங்கள் உள்நோக்கிச் சாய்ந்து வாய் மூடிய தகடு திரும்பி வரக்கூடும்.

கணக்கு காணாத இரண்டு செய்திகளையும் மடிப்பவர் கருத வேண்டும். வெட்டிய தகட்டின் விளிம்பு கையைக் கிழிக்கும், விறைப்பும் போதாது. ஆதலால் இருபுறமும் ஒரு செ.மீ. அளவு உட்சுருட்டி மடிக்கப்படுகிறது. நீர் தொடும் தகடு 30 அன்று, 28 செ.மீ. தான், மூன்றாகப் பகுக்க வேண்டியது அந்த 28-ஐயே. மேலும், சுவர்ப்பக்க விளிம்பு வெளி விளிம்பைவிட ஓரிரு செ.மீ. உயர்ந்திருத்தல் வேண்டும். எந்த வாய்க்காலும் ஒரு நாள் வழியத்தான் போகிறது. அந்நாளில் அது வெளியே வழிய வேண்டும், உள்ளே அன்று. இதனால் வடிவத்தின் சமச்சீர் கெட்டு, தாழ்ந்த விளிம்புவரை உள்ள பரப்பே கணக்கில் சேரும். பெருமத்திலிருந்து இவ்வாறு சற்று விலகுவதால் நேரும் இழப்பு, நனையாத சுவருக்குக் கொடுக்கும் விலை.

மானிங் வாய்பாடு நீளம் முழுவதும் ஒரே அளவு நீர் ஓடும் வாய்க்காலுக்கு உரியது. கூரை வாய்க்காலிலோ மேட்டுக்கோடியில் துளியளவாகத் தொடங்கும் நீர், வழிநெடுகக் கூரையிலிருந்து சேர்ந்து பெருகித் துளையருகே முழு அளவை அடைகிறது. பக்கவாட்டில் விழும் நீருக்கு ஓட்டத் திசையில் வேகம் இல்லை. அதனை இழுத்துச் செல்லவும் ஓட்டம் தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவிட வேண்டும். எனவே 8.7 லிட்டர் என்பதனை எட்டக்கூடிய மேல் எல்லையாகக் கொண்டு, முலுண்டுக் கிடங்கில் இரு துளைகள் தரும் ஏறத்தாழப் பாதி இடத்தைக் காலியாகவே விட்டுவைப்பது நன்று. சூன் மாதத்து முதல் மழைக்கு முன் ஒரு வாளி நீரை மேட்டிலிருந்து ஊற்றி, அது தேங்காமல் இரு துளைகளையும் அடைகிறதா என்று பார்த்துவிட்டு ஏணியை விட்டு இறங்கலாம்.